மண்பானைத் தண்ணீர்: குளிர்ச்சி நிஜம்தான்... ஆனா அந்த ‘மினரல்’?

சித்திரை வெயில் ஆரம்பித்துவிட்டால் செய்யார், ஆரணி, வந்தவாசி பக்கம் சாலையோரங்களில் மண்பானைகள் வரிசை கட்டிவிடும். குழாய் வைத்தது, மூடி வைத்தது, பாட்டில் மாதிரி செய்தது, பூ வரைந்து பளபளவென்று பாலிஷ் போட்டது எனப் பல ரகம். தறி வீட்டில் ஒரு ஓரமாக மணல் பரப்பி வைக்கும் பழைய பானை இருக்கட்டும், சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் அறைக்கு வாங்கிப் போகும் குழாய்ப் பானை இருக்கட்டும், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே காட்சிதான். பானையின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும்.

“பாத்தியா, அதுதான் மினரல். பானையில இருந்து தண்ணிக்கு இறங்குது” என்று யாராவது ஒருவர் சொல்வார். வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களும் இதையேதான் கொஞ்சம் பெரிய வார்த்தைகளில் சொல்கின்றன. மண்பானைத் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, உடம்பின் அமிலத்தைச் சமன் செய்யும், கிருமியை வடிகட்டும் என்று பட்டியல் நீள்கிறது.

அந்த வெள்ளைப் பூச்சு உண்மையில் நேர்மாறான கதையைச் சொல்கிறது. பானை ஏன் குளிர்கிறது என்று தெரிந்துகொண்டால் அது தானாகப் புரிந்துவிடும்.

பானை வியர்ப்பது எதற்கு?

சூளையில் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து பானையின் வெளிப்புறத்துக்கு வந்து, காற்றில் ஆவியாகிறது. ஆவியாகத் தேவைப்படும் வெப்பத்தைப் பானையிடமிருந்தும் உள்ளே மிச்சம் இருக்கும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 லிட்டர் பானையில் 100 மில்லி, அதாவது அரை டம்ளர் ஆவியானாலே உள்ளே இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குறைய வேண்டும் என்று கணக்கு வரும். நடைமுறையில் சுற்றியிருக்கும் சூடான காற்று பானையைத் திரும்பச் சூடேற்றிக்கொண்டே இருப்பதால், அந்தக் குளிர்ச்சியை நாள் முழுக்கத் தக்கவைக்க அதைவிட நிறையத் தண்ணீர் ஆவியாக வேண்டியிருக்கும்.

இந்தக் குளிர்ச்சிக்கு ஒரு எல்லை உண்டு. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. மே மாதப் பிற்பகலில் வெப்பம் 40 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஆவியாதல் மூலம் தண்ணீரைச் சுமார் 26 டிகிரி வரைதான் இறக்க முடியும். அதற்குக் கீழே எந்தப் பானையாலும் போக முடியாது. பெரும்பாலான பானைகள் அதற்கு இரண்டு மூன்று டிகிரி மேலேயே நின்றுவிடும். இதே பானையைச் சென்னைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோனால், 35 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் எல்லை 29 டிகிரியாக ஏறிவிடும். செய்யாரில் ‘சில்லுன்னு’ இருந்த தண்ணீர் அங்கே ‘பரவாயில்ல’ ரகமாகிவிடுவது இதனால்தான். ஐப்பசி மழையில் பானை கிட்டத்தட்ட வெறும் பாத்திரம்.

ஆக, பானையை வைக்க வேண்டிய இடம் நிழலும் காற்றோட்டமும் உள்ள ஜன்னலோரம். கதவடைத்த சமையலறை மூலையில் வைத்துவிட்டு ‘இந்த வருஷ பானை சரியில்ல’ என்று விற்றவரைக் குறை சொல்வது நியாயம் இல்லை. பாலிஷோ வார்னிஷோ பூசிய பானைக்கும் இதே கதைதான். துளைகள் அடைபட்டால் கசிவு இல்லை, கசிவு இல்லாவிட்டால் குளிர்ச்சி இல்லை. வாங்கும்போது வெளிப்புறத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். உடனே உறிஞ்சினால் நல்ல பானை. முத்து முத்தாக உருண்டு ஓடினால் அது ஷோகேஸுக்குத்தான். கண்ணாடி மாதிரி மின்னும் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், உட்புறம் மின்னும் பாத்திரத்தைக் குடிநீருக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

வெள்ளையாகப் பூப்பது யாருடைய உப்பு?

இப்போது அந்த வெள்ளைப் பூச்சுக்கு வருவோம். தண்ணீர் உள்ளிருந்து வெளியே கசிகிறது. வெளியே வந்ததும் தண்ணீர் மட்டும் ஆவியாகிவிடும். அதில் கரைந்திருந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் ஆவியாக முடியாது. அவை பானையின் தோலிலேயே தங்கிவிடுகின்றன. போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் பானை சீக்கிரம் வெளுப்பதும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் அவ்வளவாக வெளுக்காததும் இதனால்தான். தண்ணீரில் ஏற்கெனவே இருந்த உப்பு பானைக்கு வெளியே போய்க்கொண்டிருப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். பானை தண்ணீருக்குள் எதையோ இறக்குவதற்கான சாட்சி அதில் இல்லை.

அப்படியானால் பானையிலிருந்து எதுவுமே தண்ணீரில் கரையாதா? கொஞ்சம் கரையும். புதுப் பானையில் முதல் சில நாட்கள் மண் வாசனை வருவதும், லேசாகக் கலங்குவதும் அதனால்தான். ஆனால் பல நூறு டிகிரி வெப்பத்தில் சுட்ட மண், பச்சை மண் மாதிரி கரையாது. மழையில் கரையாமல் நிற்கும் செங்கல்லும் சுட்ட மண்தானே.

தாராளமாகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டி.டி.எஸ். மீட்டரில் 50 காட்டிய ஆர்.ஓ. தண்ணீரைப் பானையில் ஊற்றி, மறுநாள் பார்த்தால் 80 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 30 மில்லிகிராம் உப்பு கூடியிருக்கிறது. ஒருவர் 2 லிட்டர் குடித்தால் 60 மில்லிகிராம். அதில் பாதி கால்சியம் என்று மிகைப்படுத்தியே எடுத்துக்கொண்டாலும் 30 மில்லிகிராம்தான். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2020 பரிந்துரை. அந்த 30 மில்லிகிராமைப் பெற 25 மில்லி பால் போதும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பானைத் தண்ணீரை மினரலுக்காகக் குடிப்பதைவிட ஒரு வேளை கேழ்வரகுக் களி சாப்பிடுவது லாபம்.

காரத்தன்மை கதையும் இப்படித்தான். குழாய்த் தண்ணீரின் பி.எச். அளவு 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. பானையில் வைத்தால் அது கொஞ்சம் ஏறக்கூடும். ஆனால் குடித்தவுடன் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் வயிற்றில் காத்திருக்கும் அமிலத்தின் பி.எச். 1.5 முதல் 3.5 வரை. ரத்தத்தின் பி.எச். அளவை நுரையீரலும் சிறுநீரகமும் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. அங்கே பானைக்கு வேலை இல்லை.

‘மண் கிருமியை வடிகட்டும்’ என்பதில் மட்டும் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது. சுட்ட மண்ணின் நுண்துளைகளால் பாக்டீரியாவைத் தடுக்க முடியும். குவாத்தமாலாவில் 1980-களில் உருவான மண் வடிகட்டிப் பானைகள் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கின்றன. களிமண்ணோடு மரத்தூள் மாதிரி எரியக்கூடிய பொருளைக் கலந்து சுடுவார்கள். தூள் எரிந்துபோன இடங்களில் துளை விழும். அதன் மேல் வெள்ளிக் கரைசல் பூசுவார்கள். தண்ணீர் அந்தச் சுவரைக் கடந்து கீழே இருக்கும் இன்னொரு பாத்திரத்தில் சொட்டும். குடிப்பது அந்தச் சொட்டிய தண்ணீரை. நம் வீட்டுப் பானையிலோ சுவரைக் கடந்த தண்ணீர் காற்றில் போய்விடுகிறது. நாம் குடிப்பது சுவரைக் கடக்காமல் உள்ளேயே தங்கிய தண்ணீரை!

வேலூரில் சோதித்தபோது

சரி, மினரல் இல்லை என்றால் நஷ்டம் ஒன்றும் இல்லையே என்று தோன்றலாம். பிரச்சினை அங்கே இல்லை. வீட்டுக்கு வந்த தண்ணீர் வீட்டுக்குள்ளேயே எப்படிக் கெடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அதற்கான நல்ல ஆதாரம் ரொம்பத் தூரத்தில் இல்லை.

1989 வரை செய்யாரோடு ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. வைராலஜி நிபுணர் ககன்தீப் காங் அந்தக் குழுவில் இருந்தார். ஏரியில் இருந்தும் வறண்ட ஆற்றுப்படுகையில் இருந்தும் எடுத்து, விட்டு விட்டு வரும் குழாய்த் தண்ணீரை நம்பியிருந்த ஊர் அது. தண்ணீர் வராத நாட்களுக்கு வீடுகளில் பிடித்து வைப்பது தவிர வழியில்லை. குழாயில் வந்தபோதே எல்லா மாதிரிகளிலும் மாசு இருந்தது. வீட்டில் 1 முதல் 9 நாட்கள் வரை சேமித்த பிறகு பார்த்தால், 37-ல் 25 மாதிரிகளில் மாசு இன்னும் கூடியிருந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு.

அந்த ஆய்வில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரில் மட்டும் மாசு குறைந்தது. ஆய்வகத்தில் ஈ.கோலை கிருமியை வேண்டுமென்றே கலந்து வைத்துப் பார்த்தபோதும் அதுவே உறுதியானது. பித்தளையில் இருக்கும் செம்பு கிருமிகளைக் கொல்லக்கூடியது. வேறு பொருட்களால் ஆன பாத்திரங்களில் அந்தப் பலன் தெரியவில்லை. பாத்திரமே தண்ணீரைச் சுத்தப்படுத்தும் என்ற பெருமையை யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அது பாட்டி வீட்டுப் பித்தளைத் தவலைக்குத்தான் சேரும்.

தண்ணீருக்குள் கிருமி எப்படிப் போகிறது? பெரும்பாலும் கை வழியாக. வாய் அகன்ற பானையில் டம்ளரை விட்டு மொண்டு எடுக்கும்போது விரல் நுனியும் தண்ணீரில் நனைகிறது. எச்சில் பட்ட டம்ளர் திரும்ப உள்ளே போகிறது. கழிவறை போய்விட்டு வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாத ஒரே ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். 100 மில்லி குடிநீரில் ஒரு ஈ.கோலை கூடத் தென்படக் கூடாது என்பது தரநிலை. விரல் நனையும் பானையில் அது நிற்காது. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, ஒரு வகை மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியில்தான் பரவுகின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் மண்பானைக்கென்றே சில பலவீனங்கள் உண்டு. அதன் உட்புறம் சொரசொரப்பானது, எப்போதும் ஈரமானது. கிருமிகள் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக வளர அது தோதான இடம். நகராட்சித் தண்ணீரில் காவலுக்கு இருக்கும் குளோரின், மண் சுவரோடும் அந்தப் படலத்தோடும் வினைபுரிந்து எவர்சில்வர் குடத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். ‘சில்லுன்னு இருக்கே, கிருமி வளராது’ என்பதும் தப்புக் கணக்கு. ஃபிரிட்ஜின் 4 டிகிரி வேறு, பானையின் 27 டிகிரி வேறு.

மூன்று பேர், ஒரு கேன், ஒரு குழாய்ப் பானை

இது பழைய ஆட்களின் பிரச்சினை, நாங்க கேன் தண்ணிதானே வாங்குறோம் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சிப்காட்டில் வேலை பார்க்கும் மூன்று பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள். 20 லிட்டர் கேன் வாங்கி, 15 லிட்டர் குழாய்ப் பானையில் ஊற்றுகிறார்கள். ஷிப்ட் மாறி மாறி இருப்பதால் பானை முழுதாகக் காலியாவதே இல்லை. பாதி குறைந்ததும் யாராவது மேலே ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். குழாய் இருப்பதால் யாரும் கை விடுவதில்லை, அதனால் சுத்தமாகத்தான் இருக்கும் என்று மூன்று பேருமே நம்புகிறார்கள்.

மூன்று வாரத்தில் என்ன ஆகும்? கேன் தண்ணீரில் கிருமியைத் தடுக்கக் குளோரின் பெரும்பாலும் இருக்காது. அதனால் பானையில் ஏற்கெனவே இருப்பதை எதிர்க்க அதனிடம் எதுவும் இல்லை. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை ஊற்றினாலும் இதே நிலைதான். அடியில் மிச்சம் இருக்கும் பழைய தண்ணீர், தயிருக்குப் பிரை ஊற்றுவது மாதிரி, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீருக்குள் கிருமியைக் கொண்டு சேர்க்கிறது. குழாய் பானையோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வாஷருக்குப் பின்னால் பாசி பிடிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குழாய் மட்டத்துக்குக் கீழே இருக்கும் இரண்டு விரற்கடைத் தண்ணீர் பானையைக் கவிழ்த்தால் ஒழிய வெளியே வராது.

மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் வரும். வெயில் காலத்தில் அதன் முட்டை 7 முதல் 10 நாட்களில் கொசுவாகிவிடும். முட்டைகளைத் தண்ணீர் விளிம்பை ஒட்டிய சுவரில்தான் அது இடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அலசினால் போதாது, தேய்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அறையில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்கலாம். பானையின் உள்சுவரைக் கழுவிய விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழவழவென்று வழுக்கினால் படலம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். குளத்துத் தண்ணீர் வாசம் லேசாக வந்தாலும் அதேதான். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஹெச்.டூ.எஸ். குப்பி என்ற எளிய சோதனை இருக்கிறது. கேனிலிருந்து ஒரு குப்பி, பானைக் குழாயிலிருந்து ஒரு குப்பி நிரப்பி அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், கழிவுக் கிருமி இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். கேன் குப்பி தெளிவாக இருந்து பானைக் குப்பி மட்டும் கறுத்தால் குற்றவாளி யாரென்று சந்தேகமே வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தும் பரிசோதிக்கலாம்.

கழுவுவதைவிடக் காயவைப்பது முக்கியம்

புதுப் பானையை ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து, பிறகு இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துவது வழக்கம். உதிரும் மண்ணும் கரையும் உப்பும் அதில் போய்விடும்.

அதன் பிறகு தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான். மிச்சத் தண்ணீர் மேல் ஊற்றாமல், முழுதாகக் காலி செய்துவிட்டு நிரப்ப வேண்டும். இதற்குச் சுலபமான வழி, சின்னப் பானையாக வாங்குவது. மூன்று பேர் குடிக்க ஒரு நாளைக்கு 6 லிட்டர் போதும் என்றால் 7 அல்லது 8 லிட்டர் பானையே கணக்கு. 15 லிட்டர் எதற்கு?

வாரம் ஒருமுறை உள்ளேயும் வெளியேயும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த நாரை வேறு பாத்திரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், துளைகள் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த நாலு நாளைக்குத் தண்ணீரில் கக்கும். சமையல் சோடா கொஞ்சம் போட்டுத் தேய்க்கலாம். கொதிக்கும் நீரை ஊற்றினால் பானை விரிசல் விடும், வெதுவெதுப்பான நீர் போதும். வெளியே படிந்த வெள்ளை உப்பைப் புளித்தண்ணீரோ எலுமிச்சையோ கரைத்துவிடும். குழாயைக் கழற்றி, வாஷரைத் தனியாகத் தேய்க்க வேண்டும். கழற்ற முடியாதபடி சிமென்ட் வைத்து ஒட்டிய குழாய் என்றால், அந்தப் பானையை வாங்காமல் இருப்பதே மேல்.

பிறகுதான் முக்கியமான வேலை. பானையை இரண்டு செங்கல் மேல் கவிழ்த்து, காற்று உள்ளே போகும்படி, ஒரு முழு நாள் வெயிலில் காயவிட வேண்டும். ஈரம் முழுதாகப் போனால்தான் துளைக்குள் இருக்கும் படலம் சாகும். அதற்குள் தண்ணீருக்கு என்ன செய்வது? நம் வீடுகளில் இரண்டு பானை வைத்து மாற்றி மாற்றிப் புழங்கும் வழக்கம் அதற்கான பதில்தான். குழாய் இல்லாத பானை என்றால், பானைக்குள் போக ஒரே ஒரு நீளக் கைப்பிடிக் கரண்டி போதும். அதை மூடி மேல் வைக்காமல் ஆணியில் தொங்கவிட வேண்டும்.

கென்யாவின் நியான்சா பகுதியில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சுகாதாரத் திட்டம் இதே இடத்தில் முட்டிக்கொண்டது. மக்களுக்கு மூடியும் குழாயும் உள்ள பிளாஸ்டிக் பாத்திரங்களைக் கொடுத்தால் சுத்தமாக இருக்கும் என்பது யோசனை. ஆனால் அங்கிருந்தவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் தரும் மண்பானையை விட மனமில்லை. கடைசியில் உள்ளூர்க் குயவர்களிடமே பேசி, வாய் குறுகி, மூடியோடும் குழாயோடும் கூடிய பானைகளைச் செய்ய வைத்தார்கள். தண்ணீரில் குளோரின் கரைசலும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பானையை விரட்டாமல் அதன் வாயை மட்டும் சிறிதாக்கினார்கள்.

கோடையில் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் போடுபவர்களும் அந்த வாயைத்தான் கவனிக்க வேண்டும். திறப்பு விழா அன்று பெரிய பானை, மாலை, புது டம்ளர் எல்லாம் இருக்கும். பத்தாவது நாள் போய்ப் பார்த்தால் சங்கிலியில் கட்டிய ஒரே டம்ளர் பானைக்குள் மிதக்கும். அந்தப் பானையை யார், என்றைக்குக் கழுவினார்கள் என்று கேட்டால் பதில் வராது. குழாய் வைத்த பானையும், தினமும் இரவு கவிழ்த்து வைக்க ஓர் ஆளும் இல்லாத பந்தலில் தாகத்தோடு குடிப்பவருக்குத் தண்ணீரோடு சேர்த்து வயிற்றுப்போக்கும் இலவசம்.

பானைக்கும் ஆயுள் உண்டு. நன்றாகக் கழுவிக் காயவைத்து நிழலில் வைத்த பிறகும் வெளிப்புறம் வியர்க்கவில்லை, தண்ணீரும் குளிரவில்லை என்றால் உப்பு துளைகளை அடைத்துவிட்டது. புளித்தண்ணீரில் ஒரு தடவை ஊறவைத்துப் பார்க்கலாம். அப்போதும் வியர்க்காவிட்டால் அடியில் ஒரு ஓட்டை போட்டு, மாடியில் கறிவேப்பிலைச் செடி வைக்கலாம்.